இசபெல் கழித்த இருநூறு கிராம்

என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி காய்ச்சல் கடிதம், மீதிப் பாதி கல்யாணக் கடிதம். எங்கள் மாணவிகளுக்குக் காய்ச்சல் வருவதும் அவர்களுடைய சித்தி மகளுக்குக் கல்யாணம் நடப்பதும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான். ஸுலைஹா மிஸ் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவா என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வாசித்து, திட்டித் தீர்த்து, அதற்குப் பிறகுதான் போடுவேன்.

ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் தாதி உதவியாளர் பயிற்சி நிலையம். பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற பிறகு நான் இங்கே செயன்முறைப் போதனாசிரியையாக வந்தேன். காய்ச்சல் பார்க்க, ஊசி போட, படுக்கை விரிக்க, குழந்தை நிறுக்கக் கற்றுக்கொடுப்பேன். பிறகு கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதைப் பார்த்துப் புள்ளி போடுவேன். புள்ளி குறைந்தால் அழுவார்கள். அழுது முடித்துவிட்டுக் கீழே போய் ரோல்ஸ் சாப்பிடுவார்கள். இதுவரை எவளும் எனக்கு எதிராகக் கடிதம் எழுதியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை இசபெல் எழுதினாள். நீளமான கடித உறை, கோடு போட்ட தாள், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

"செயன்முறைப் போதனாசிரியை அவர்களுக்கு, பிரதி: பயிற்சி இணைப்பாளர் மைக்கல் சேர் அவர்களுக்கு. இம்மாதம் ஏழாம் திகதி நடைபெற்ற செயன்முறைப் பரீட்சையில், குழந்தையை நிறுத்தல் என்னும் பகுதியில் நான் சித்தியடையவில்லை என ஒன்பதாம் திகதி அறிவிக்கப்பட்டது. நான் எழுதிய நிறை இரண்டு கிலோ நானூறு கிராம். தாங்கள் சரியெனக் கொண்ட நிறை இரண்டு கிலோ அறுநூறு கிராம். குழந்தையை வைத்து நிறுக்கும் துணித் தொட்டிலின் நிறை இருநூறு கிராம். அதனை நான் கழித்தேன். ஏனைய மாணவிகள் எவரும் கழிக்கவில்லை. ஆகவே என்னுடைய விடையே சரியானது எனவும், கழிக்காத விடைக்குப் புள்ளி வழங்கப்பட்டுள்ளது எனவும் பணிவுடன் தெரிவித்து, என் புள்ளியை மீள்பரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பணிவுடன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கடைக்காரர் மகள். எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்று வளர்ந்தவள். பருப்பும் சீனியும் நிறுத்த கை இது. எனக்குத் தொட்டிலைக் கழிக்கத் தெரியாதாம்.

இசபெல் யாரென்று சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். வயது இருபத்தேழு. வகுப்பில் எல்லாரையும்விட ஏழெட்டு வயது மூத்தவள். உயர்தரம் முடித்துச் சில வருடம் கழித்து அதே தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலைக்குப் போனாள். அந்தத் தோட்டத்தில் அதுவரைக்கும் தராசுப் பக்கம் ஆம்பிளைகள்தான் நின்றார்கள். முதல் பொம்பிளை இவள். நாலு வருடம். மலையில் பெண்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள், இவள் தொங்கு தராசில் மாட்டுவாள், கிலோவைச் சொல்வாள், பொலித்தீன் உறை போட்ட புத்தகத்தில் பெயருக்கு நேரே எழுதுவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அந்தக் கிலோக் கணக்கில்தான் அவர்களுக்குச் சம்பளம். வட்டவளை மழை எப்படியென்று தெரியும்தானே, அந்த மழையிலும் எழுத்து கலையாது. நாலு வருடத்தில் தன் புத்தகத்தில் ஒரு இடத்திலும் அடித்துத் திருத்தவில்லை என்று அவளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வேலையில் கெட்டிக்காரி. பயிற்சிக்கும் பரீட்சைக்கும் வைத்திருக்கும் மணல் பொம்மையை மற்றவர்கள் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். இவள் தலைக்குக் கீழே கை கொடுத்துத்தான் எடுப்பாள். அதற்குக் குட்டிம்மா என்று பெயர் வேறு. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையை இவள் செய்தால் நோயாளிக்கே தெரியாது. எனக்குப் பிடித்த மாணவி என்று வெளியில் சொல்ல மாட்டேன், மற்றதுகள் தலையில் ஏறிவிடும். ஆனால் பிடித்தவள்தான்.

பிடிவாதமும் அதே அளவு இருந்தது. ஒன்பதாம் திகதி முடிவு சொன்னபோதே தகராறு தொடங்கிவிட்டது. எங்கள் விதி எளிமையானது. புள்ளித் தாளில் இருபது படிகள். கை கழுவுவது, பெயர் கேட்பது, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது, குழந்தையைப் பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி வரை. சில படிகள் மட்டும் உயிர்ப்படிகள். அவற்றில் ஒன்று தவறினாலும் மொத்தப் புள்ளி எத்தனை இருந்தாலும் சித்தி இல்லை. எழுதும் நிறை உண்மையான நிறையிலிருந்து ஐம்பது கிராமுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பது ஓர் உயிர்ப்படி. காரணம் இருக்கிறது. பிறந்த பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் நிறை குறைந்த பிள்ளை. அதற்குப் பார்க்கும் முறையே வேறு. இசபெல் இரண்டு நானூறு என்று எழுதி, நல்ல பிள்ளை ஒன்றை நோஞ்சான் ஆக்கிவிட்டாள்.

சித்தியடையாதவர்களுக்கு ஒரே ஒரு தடவை மறுபரீட்சை உண்டு. அதற்கு விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும். பதினாறாம் திகதி, வியாழன் பின்னேரம் நாலு மணிக்குள். அதை விட்டால் அடுத்த பிரிவோடு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் இருபத்தேழாம் திகதி ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய்விடுவார்கள்.

"நான் சைன் பண்ண மாட்டேன் மிஸ்," என்றாள் இசபெல். "தப்பு பண்ணுனாத்தானே திரும்பச் செய்யணும். நான் சரியாத்தான் செஞ்சேன்."

"ஆறு மாசம் என்ன செய்வாய்?"

"தோட்டத்துச் சின்ன தொரை மாசக் கடைசி வரைக்கும் என் எடத்த வச்சிருக்கேன்னாரு. தராசுக்கே திரும்பப் போயிருவேன். ஒருக்கா போயிட்டா பொறகு இங்கிட்டு வர விடமாட்டாங்க. பரவால்ல. பொய்யா ஒரு தப்ப ஒத்துக்கிட்டு நர்ஸு வேல எனக்கு வேணாம்."

கடிதம் வந்த திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என் நல்ல குணத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு விளக்கினேன். "இசபெல், நீ தொட்டிலை மாட்டிவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினாய். நான் பார்த்தேன், புள்ளியும் போட்டிருக்கிறேன். தொட்டில் நிறை அங்கேயே கழிந்துவிட்டது. திரும்பவும் ஏன் கழிக்கிறாய்?"

"முள்ளு திருப்புறது தராசுக்கு மிஸ். கழிக்கிறது சாக்குக்கு. ரெண்டும் வேற வேற."

"இங்கே சாக்கு எங்கே இருக்கிறது?"

"தொட்டில் மிஸ்," என்றாள், எனக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் மாதிரிப் பொறுமையாக. "தொட்டில்தான் சாக்கு."

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அதே பதில். நாலாவது தடவை என் நல்ல குணம் தீர்ந்துவிட்டது. போ, மீள்பரிசீலனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

மீள்பரிசீலனையைப் புள்ளி போட்டவளே தனியாகச் செய்ய முடியாது. மைக்கல் சேர் வர வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவர், மெல்லப் பேசுவார், மெல்ல நடப்பார், ஒன்றையும் விடமாட்டார். வியாழன் பகல் இரண்டரை மணிக்குச் செயன்முறை அறையில் நாங்கள் மூன்று பேரும் கூடினோம். வெளியில் மழை. நான் கையில் ஒரு பையுடன் வந்திருந்தேன்.

சேர் முதலில் என் புள்ளித் தாளை எடுத்து விரலை வைத்துக் கூட்டினார். இரண்டாவது தடவையும் கூட்டினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

"ஸுலைஹா, நீங்க முப்பத்து மூணு போட்டிருக்கீங்க. முப்பத்து நாலு வருது."

கடைக்காரர் மகளுக்குக் கூட்டல் பிழைத்துவிட்டது. இசபெல் கூரையைப் பார்த்தாள். சிரிக்காமல் இருப்பதற்குத்தான் பார்த்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு புள்ளி கூடுது," என்றார் சேர். "ஆனா முடிவு மாறாது. பிரச்சினை உயிர்ப்படியில. பொம்மை ரெண்டு அறுநூறுன்னு எதை வச்சு எழுதினீங்க? பரீட்சை அன்னைக்குக் காலையில நிறுத்தீங்களா?"

நான் அசடு வழிந்தேன். நிறுக்கவில்லை. பரீட்சைக் காலையில் பொம்மையை மேசைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அன்று பஸ் பிந்தி, ஓடி வந்து, போன பிரிவினருக்கு எழுதியிருந்த எண்ணையே பார்த்து எழுதிவிட்டேன். பொம்மையில் தையல் விட்டு மணல் கொட்டியிருந்தால்? நிலத்தில் மணலைப் பெருக்கித் தள்ளிய ஞாபகம்கூட வந்தது. மூன்று நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. நான் பிழை விட்டு, அதற்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கை தராசடிக்குத் திரும்பிப் போனால் அந்தப் பாவம் யாருக்கு.

"நிறுக்கல்ல சேர்," என்றேன். "பழைய எண்ணைப் போட்டுட்டேன்."

"அப்ப இந்தப் பிள்ளை கேட்டதுல ஞாயம் இருக்கு. நிறுத்துப் பாப்போம்."

மேசைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூறு. மணல் கொட்டவில்லை. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இசபெல் அசையவில்லை.

"மேசைத் தராசும் பிழையா இருக்கலாம் சேர்," என்றாள். "தராச நான் நாலு வருசம் பாத்தவ. ஒன்னோடொன்னு ஒத்துப்போற பிழையும் வரும்."

அதற்காகத்தான் நான் பையைக் கொண்டுவந்திருந்தேன். உள்ளேயிருந்து எங்கள் கடையின் ஒரு கிலோப் படிக்கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். இரும்புக் கல். வருடா வருடம் அளவை உத்தியோகத்தர்கள் முத்திரை குத்திக் கொடுப்பது. கடையில் இப்போது மின்தராசு வந்துவிட்டாலும் வாப்பா அந்தக் கல்லை வீசுவதில்லை. காலையில் நான் கேட்டபோது, "குழந்தைப் பிள்ளைய நிறுக்கிறதுக்குப் படிக்கல்லா, என்ன ஆஸ்பத்திரி இது?" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் தந்தார்.

மைக்கல் சேர் கல்லின் முத்திரையை இசபெலுக்குக் காட்டினார். அவள் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். சரியென்று தலையை ஆட்டினாள். தோட்டத்திலும் முத்திரைக் கல்லின் மதிப்பு தெரிந்தவள்தான்.

"இது மார்க்குக்கு இல்ல. தராசைச் சோதிக்கிறதுக்கு மட்டும்," என்றார் சேர். "பரீட்சையில செஞ்ச மாதிரியே செய்யுங்க. பொம்மைக்குப் பதிலா இந்தக் கல்லு."

இசபெல் எழுந்தாள். தொங்கு தராசில் துணித் தொட்டிலை மாட்டினாள். முள் இருநூறுக்குப் போனது. பார்க்காமலே அவளுடைய கை மேலே இருக்கும் திருகுக்குப் போய் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஐம்பது பேர் கொழுந்தோடு வரிசையில் நிற்கும்போது பழகிய கை, அவ்வளவு வேகம். கல்லைத் தொட்டிலில் வைத்தாள். முள் ஆடி நின்றது.

"எவ்வளவு காட்டுது?"

"ஒரு கிலோ சேர். தராசு சரியாத்தான் இருக்கு."

"நல்லது. உங்க முறைப்படி இப்ப நிறையை எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்தாள். எண்ணூறு என்று எழுதினாள். கிராம் என்று எழுதப் போனவள் பேனாவைத் தூக்கிவிட்டாள். தாளைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கல்லின் மேல் ஒரு கிலோ என்று பொறித்திருந்தது.

நானாக இருந்தால் அந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பேன். சேர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ரெண்டு தடவ கழிச்சிட்டேன்," என்றாள் இசபெல்.

தோற்றுப்போன குரல் இல்லை அது. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கல்லை வெளியில் எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு கிலோ. மறுபடி எடுத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று நான் கை நாடியைப் பிடித்தேன்.

"எனக்கு ஒன்னுமில்ல மிஸ். அப்ப கொழுந்துல?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். தினமும் காலையில் தராசைக் கட்டியதும் வெறுஞ்சாக்கை மாட்டி முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்புவாள். தராசு சரி பார்ப்பது என்று அதற்குப் பெயர். அவளுக்கு முன்னால் நின்றவர் அப்படித்தான் காட்டிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொரு சாக்கை நிறுக்கும்போதும் சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்து எழுதுவாள். அதையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். தராசு ஒரு பாடம், புத்தகம் ஒரு பாடம். இரண்டையும் அவள் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை.

"ஒரு நாளைக்கு மூணு நிறுவ. நாப்பத்தாறு பேரு. நாலு வருசம்," என்றாள். கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். "எங்கம்மாவும் அந்த நாப்பத்தாறுல ஒரு ஆளு மிஸ். மத்த பொம்பளைங்க கொறையுதேன்னு மொணங்குனா, அம்மாதான் சொல்லுவாங்க, எம் மக நிறுத்தா சரியா இருக்கும், பேசாம போங்கடின்னு."

அப்போதுதான் அழுதாள். சத்தம் இல்லாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடிதத்துக்கு நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த காரமான பதில் ஒன்று இருந்தது, அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

மைக்கல் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மூணு அம்பது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மறுபரீட்சை விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள்.

மீள்பரிசீலனையின் முடிவை அன்றே எழுதிக் கொடுத்தேன். கூட்டலில் பிழை, முப்பத்து மூன்று முப்பத்து நாலாகத் திருத்தப்படுகிறது. பரீட்சைக்கு முன் பொம்மையை நிறுக்காதது போதனாசிரியையின் தவறு. பொம்மையும் தராசும் சோதிக்கப்பட்டன, சரியாக உள்ளன. முடிவில் மாற்றமில்லை. என் தவறை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அது. பிரதி ஒன்று என் கோப்பில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

மறுபரீட்சை அடுத்த திங்கட்கிழமை. நடுவில் சனி ஞாயிறு வந்தது. வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்து பழகு என்று சொன்னேன். கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் வட்டவளைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்தவளிடம் நடந்ததைக் கேட்டேன். சனிக்கிழமை பகல் நிறுவைக்குப் பெண்கள் கூடிய இடத்துக்கு நேரே போயிருக்கிறாள். புதிதாக நிற்கும் பையனிடம் வெறுஞ்சாக்கை மாட்டச் சொல்லி, முள் பூச்சியத்தில் நிற்பதை எல்லாருக்கும் காட்டி, இனிமேல் சாக்குக்குக் கழிக்க விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். நாலு வருடம் நான் கழித்தேன், தெரியாமல் கழித்தேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"மாலையா போட்டாங்க?" என்று கேட்டேன்.

"போட்டாங்க. வேலாயி அக்கா கூடையத் தூக்கிப் போட்டாங்க," என்றாள். "நாலு வருசமா நீ எங்க முதுகுலயா ஏறி ஒக்காந்திருந்தேன்னு கேட்டாங்க. கேட்டுக்கிட்டு நின்னேன்."

"சின்ன தொரை?"

"பாக்குறேன்னாரு. எந்த எடமும் எனக்காக வைக்கலன்னும் சொல்லிட்டாரு."

ஆக, திரும்பிப் போகத் தராசும் இல்லை. திங்கட்கிழமை ஒன்று தவறினால் லயத்தில் சும்மா உட்கார வேண்டியதுதான். இந்த நேரத்தில் இவளுக்கு இந்த வேலை தேவையா என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் வியாழக்கிழமை இருந்த வெளுப்பு இல்லை. அதனால் சோறு சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

மறுபரீட்சையை முதலில் புள்ளி போட்டவள் நடத்தக் கூடாது. மைக்கல் சேரும், நுவரெலியாவிலிருந்து வந்த வேறொரு போதனாசிரியையும் உள்ளே இருந்தார்கள். காலையில் பொம்மையை நிறுத்து எழுதியது நான்தான், இந்தத் தடவை இரண்டு முறை. அதன் பிறகு என்னை வெளியில் அனுப்பிவிட்டார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. போதனாசிரியை ஒருத்தி கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது அழகில்லைதான். நின்றேன்.

கை கழுவினாள். தாயாக நடித்த பிள்ளையிடம் பெயர் கேட்டாள், அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். தொட்டிலை மாட்டினாள், திருகைத் திருப்பினாள். குட்டிம்மாவைத் தலையில் கை கொடுத்துத் தூக்கித் தொட்டிலில் வைத்தாள். முள் நின்றது. குனிந்து, கண்ணுக்கு நேரே முள்ளைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. நாலு வருடப் பழக்கம் அந்தக் கையில் பாடுபடுவது எனக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கழிக்காதே பிள்ளே, கழிக்காதே என்று நான் கதவுக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தாளைக் கொண்டுபோன அலுவலகப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

இசபெல் முள் காட்டியதை எழுதினாள். ஒரு கிராம் கூட்டவில்லை, ஒரு கிராம் குறைக்கவில்லை.

இருபத்தேழாம் திகதி காலையில் வாட்டுக்குப் போகிறவர்களுக்காக வான் வண்டி வந்து கீழே நின்றது. புதுச் சீருடை, புது வெள்ளைச் சப்பாத்து, அவர்களை வழியனுப்பத் தாய் தகப்பன்மார், ஒரே சந்தடி. ஒரு பெண்மணி என்னருகில் வந்து நின்றார். ஒடிசலான உடம்பு. தலையில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே முடி தேய்ந்திருந்தது.

"மிஸ், நான் ராசம்மா. இசபெல் அம்மா," என்றார். கையில் இருந்த பையைத் தந்தார். தோட்டத்து வட்டக்காய், நல்ல பூசணி ஒன்று இருந்தது. வேண்டாம் என்றால் மனம் நோவார் என்று வாங்கிக்கொண்டேன்.

"உங்க மகள் நல்ல பிள்ளை," என்றேன். "தராசு விசயத்துல ரொம்ப நொந்துட்டா. உங்களிட்ட மன்னிப்புக் கேட்டாளா?"

"கேட்டா மிஸ். என் காலப் புடிச்சிக்கிட்டு அழுதா." அவர் வான் வண்டியைப் பார்த்தார். இசபெல் உள்ளே ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். ராசம்மா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும் மிஸ். இருவத்தாறு வருசம் சொமந்த முதுகு. சாக்குல எத்தன கிலோ இருக்குன்னு தராசுல மாட்டுறதுக்கு முன்னுக்கே தெரிஞ்சிரும். மொத நாளே தெரியும், புள்ள ஒரு கிலோ கொறச்சு எழுதுறான்னு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா கழிக்காம எழுதுவா. அவ அப்படித்தான். தோட்டத்துக்கு நட்டம்னு மறுநாளே அவள எடுத்துட்டு வேற ஆளப் போட்டிருப்பாங்க. எங்க மலையில கூடை மாட்டாம நின்ன மொத பொம்பளப் புள்ள மிஸ் அவ." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "மத்தவங்க கொழுந்தும் அதுல போச்சு. அவங்க வாயையும் நான்தான் அடச்சேன். அதுக்கு ஆண்டவருக்குப் பதில் சொல்லிக்கிறேன். புள்ளைக்கு மட்டும் இது தெரிய வேணாம் மிஸ். நீங்களும் சொல்லிராதீங்க."

வான் புறப்பட்டது. இசபெல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, பாத்துப் போங்க, நிறுவையில முள்ளப் பாருங்க," என்று கத்தினாள்.

"பாக்குறேன், பாக்குறேன்," என்று ராசம்மா கையை ஆட்டினார்.